ஊர் × பாணி என்று 20 பக்கம் போட்டேன், கூகுளில் 4 தான் வருகிறது. மெட்டாடேட்டாவை எப்படித் திருத்துவது?

நிழற்கோடு (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். நான் திருமணப் புகைப்படக்காரன். தளத்தை நானே வேர்ட்பிரஸில் கட்டினேன். மணமக்கள் ஊர்ப் பெயரையும் பாணியையும் சேர்த்துத்தான் தேடுகிறார்கள் என்று படித்துவிட்டு, நான் வேலை செய்யும் 4 ஊர்களுக்கும் 5 பாணிகளுக்கும் தனித்தனியாக 20 பக்கம் போட்டேன். உண்மையான ஊர்களை இங்கே சொல்லவில்லை. பெரியநகர், மலைநகர், துறைநகர், புதுநகர் என்று வைத்துக்கொள்வோம். என் ஸ்டூடியோ பெரியநகரில் இருக்கிறது. பாணிகள்: கேண்டிட், டாக்குமெண்டரி, பாரம்பரியம், ஃபைன் ஆர்ட், சினிமாட்டிக்.

எல்லாப் பக்கத்துக்கும் தலைப்பு ஒரே அச்சில் வார்த்தது:

```html
<title>சிறந்த கேண்டிட் வெட்டிங் போட்டோகிராபர் மலைநகர் | பெரியநகர் | துறைநகர் | புதுநகர் | ஸ்டூடியோ பெயர்</title>
```

எட்டு மாதம் ஆகிறது. சர்ச் கன்சோலில் 4 பக்கம்தான் இண்டெக்ஸ் ஆகியிருக்கிறது. 11 பக்கத்துக்கு `Crawled - currently not indexed`, மீதி 5க்கு `Duplicate, Google chose different canonical than user` என்று காட்டுகிறது. வந்த நான்கிலும் நான் எழுதிய தலைப்பு வரவில்லை. "கேலரி – ஸ்டூடியோ பெயர்" என்று கூகுளே ஏதோ போட்டுக்கொள்கிறது. டிஸ்கிரிப்ஷன் இருக்க வேண்டிய இடத்தில் மெனுவில் உள்ள சொற்கள் வரிசையாக நிற்கின்றன.

தலைப்பையும் டிஸ்கிரிப்ஷனையும் எப்படி எழுதினால் சரியாகும்?

---

கேமராப்பை

எனக்கும் இந்தப் பிரச்சினை இருந்தது. மூன்று விஷயம் பாருங்கள். தலைப்பில் ஊர் பெயர் முதலில் வர வேண்டும். டிஸ்கிரிப்ஷன் 155 எழுத்துக்குள் இருக்க வேண்டும், அப்போதுதான் ரேங்க் ஏறும். அப்புறம் மெட்டா கீவேர்ட்ஸில் 4 ஊரையும் 5 பாணியையும் சேர்த்துப் போட்டுவிடுங்கள், அதில் போட்டால் தலைப்பில் திணிக்க வேண்டியதில்லை.

---

வலைத்தச்சன்

கேமராப்பை சொன்னதில் முதலாவது சரி. மெட்டா கீவேர்ட்ஸைத் தேடல் வரிசைக்குப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009லேயே அறிவித்துவிட்டது. அதில் என்ன எழுதினாலும் கூகுளில் ஒன்றும் நடக்காது. டிஸ்கிரிப்ஷனின் நீளத்துக்கும் ரேங்குக்கும் தொடர்பில்லை. டிஸ்கிரிப்ஷனே ரேங்கைக் கூட்டுவதில்லை. பட்டியலில் உங்கள் பெயரைப் பார்க்கும் மணப்பெண் அதைத் தட்டுவாரா, அடுத்தவர் பக்கத்துக்குப் போவாரா என்பதில்தான் அதற்கு வேலை.

நிழற்கோடு, தலைப்பைத் தொடும் முன் சில விவரம் வேண்டும். சர்ச் கன்சோலில் பெர்ஃபார்மன்ஸ் அறிக்கையைத் திறந்து கடைசி 3 மாதத்தைத் தேர்ந்தெடுங்கள். பெரியநகர் + கேண்டிட் என்று வரும் தேடலை வடிகட்டி, எந்தெந்தப் பக்கங்கள் அதற்குத் தோன்றுகின்றன என்று பாருங்கள். அப்புறம் ஒவ்வொரு ஊரிலும் நீங்கள் உண்மையில் எத்தனை திருமணம் எடுத்திருக்கிறீர்கள் என்றும் சொல்லுங்கள். அந்த 20 பக்கங்களிலும் உள்ள படங்கள் வேறு வேறா, இல்லை ஒரே படங்களா?

---

நிழற்கோடு

பார்த்தேன். அந்த ஒரு தேடலுக்கு மூன்று பக்கம் மாறி மாறி வருகிறது: முகப்பு, பெரியநகர்-கேண்டிட் பக்கம், போன வருடம் ஒரு திருமணத்தைப் பற்றி எழுதிய பதிவு. ஒரு வாரம் ஒன்று 14ஆவது இடத்தில் வருகிறது, அடுத்த வாரம் இன்னொன்று 30க்குப் பின்னால்.

எடுத்த திருமணங்கள்: பெரியநகர் 40க்கு மேல், மலைநகர் 6, துறைநகர் 2, புதுநகரில் இதுவரை ஒன்றும் இல்லை. அழைத்தால் போவேன் என்பதற்காகப் போட்ட பக்கங்கள் அவை.

படங்கள் பெரும்பாலும் ஒரே 25 படங்கள்தான். வரிசையை மட்டும் மாற்றியிருக்கிறேன். எழுத்தும் ஒன்றுதான், ஊர்ப் பெயர் மட்டும் மாறும்.

---

வலைத்தச்சன்

அப்படியானால் இது தலைப்பை மட்டும் திருத்திச் சரிசெய்யும் விஷயம் இல்லை. நீங்கள் போட்டது 20 பக்கம் என்றாலும் கூகுளின் கண்ணுக்கு அது ஒரே பக்கத்தின் 20 பிரதிகள். அந்த `Duplicate` வரி அதைத்தான் சொல்கிறது. ஊர்ப் பெயரை மட்டும் மாற்றி, பலரையும் ஒரே இடத்துக்குக் கொண்டுவரப் போடும் பக்கங்களை கூகுள் தன் ஸ்பேம் விதிகளில் டோர்வே என்று பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. உங்களுக்குத் தண்டனை வந்திருப்பதாக நான் நினைக்கவில்லை. இண்டெக்ஸில் சேர்க்காமல் ஒதுக்கியிருக்கிறார்கள், அவ்வளவுதான். ஆனால் இன்னும் ஊர்களைக் கூட்டிக்கொண்டே போனால் தண்டனையை நோக்கித்தான் நகர்கிறீர்கள்.

தலைப்பை கூகுள் மாற்றியதற்கும் இதுவே காரணம். 2021 ஆகஸ்டில் இருந்து தேடல் முடிவுகளில் தலைப்பை அமைக்கும் முறையை அவர்கள் மாற்றியிருக்கிறார்கள். `title`இல் சொற்கள் திணிக்கப்பட்டிருந்தாலோ, பல பக்கங்களுக்கு ஒரே அச்சுத் தலைப்பு இருந்தாலோ, அதை விட்டுவிட்டுப் பக்கத்தில் பெரிதாகத் தெரியும் தலைப்பை எடுத்துக்கொள்வார்கள். உங்கள் பக்கத்தில் `h1` என்ன என்று பாருங்கள். அநேகமாக "கேலரி" என்றிருக்கும்.

டிஸ்கிரிப்ஷனிலும் மெனுச் சொற்கள் வருவதற்கு ஒரே விளக்கம்தான் எனக்குத் தோன்றுகிறது. பக்கத்தில் எடுத்துக்காட்டும் அளவுக்கு வேறு எழுத்து இல்லை. பெரும்பாலும் படமே உள்ள பக்கத்தில் கூகுளுக்குக் கிடைக்கும் தமிழ் வாக்கியமே மெனு, அடிக்குறிப்பு, தொடர்புப் படிவம் இவைதான். நீங்கள் மெட்டா டிஸ்கிரிப்ஷன் எழுதியிருந்தாலும், தேடியவரின் சொற்களுக்கு அது பொருந்தவில்லை என்றால் பக்கத்தின் உள்ளிருந்துதான் எடுப்பார்கள். அதனால் முதல் படத்துக்கு மேலே மூன்று நான்கு வரி எழுத்து வேண்டும்.

நான் செய்வது இப்படி:

பெரியநகருக்கு ஒரு பக்கம், மலைநகருக்கு ஒரு பக்கம். மலைநகர் பக்கத்தில் மலைநகரில் எடுத்த 6 திருமணங்கள் மட்டும். துறைநகருக்கு இப்போதைக்கு ஊர்ப் பக்கம் வேண்டாம், அங்கே எடுத்த 2 திருமணங்களுக்கும் தனிப் பக்கம் போதும். புதுநகர்ப் பக்கங்களை எடுத்துவிடுங்கள். "புதுநகருக்கும் வருகிறோம்" என்று தொடர்புப் பக்கத்தில் ஒரு வரி இருந்தால் போதும்.

பாணியை ஊரோடு பெருக்காதீர்கள். பாணிக்குத் தனிப் பக்கம் வேண்டுமானால் ஊர்ப் பெயர் இல்லாமல் ஒன்றோ இரண்டோ வைத்துக்கொள்ளுங்கள். ஊரும் பாணியும் இயல்பாகச் சேரும் இடம் ஒவ்வொரு திருமணத்தின் பக்கம்தான். "மலைநகர், மாலை வெளிச்சம், கேண்டிட்" என்பது அங்கே நடந்த உண்மை. மற்ற இடங்களில் அதுவே திணிப்பாகிவிடும்.

பழைய முகவரிகளை என்ன செய்வது என்று அடுத்துக் கேட்பீர்கள். மலைநகர்-கேண்டிட் போன்றவற்றை மலைநகர் பக்கத்துக்கு நிரந்தரமாகத் திருப்பும் 301 போடுங்கள். புதுநகர்ப் பக்கங்களுக்கு ஈடான பக்கம் இல்லை, அவற்றை 404 ஆகவே விடுங்கள். எல்லாவற்றையும் முகப்புக்குத் திருப்பினால் தொடர்பில்லாத திருப்பம் என்று கூகுள் அதையும் சாஃப்ட் 404 ஆகத்தான் எடுத்துக்கொள்ளும். வந்தவருக்கும் குழப்பம்.

---

ஒளிவட்டம்

மெட்டாடேட்டா என்பது லைட்ரூமில்தானே போட வேண்டும்? நான் ஒவ்வொரு படத்திலும் கீவேர்ட்ஸில் ஊர்ப் பெயர், பாணி எல்லாம் போட்டு, ஜிபிஎஸ்ஸும் சேர்த்து ஏற்றுமதி செய்கிறேன். ஊர் தேடலில் அது உதவும் என்று ஒரு பட்டறையில் சொன்னார்கள். நிழற்கோடு அதைச் செய்தாரா என்று யாரும் கேட்கவில்லையே?

---

படக்கிடங்கு

ஒளிவட்டம், நீங்கள் சொல்வது படக் கோப்புக்குள் இருக்கும் மெட்டாடேட்டா. இழையில் பேசுவது பக்கத்தின் மெட்டாடேட்டா. இரண்டுக்கும் பெயர் ஒன்று என்பதால் வரும் குழப்பம் இது. ஆனாலும் கேட்டது நல்லதுதான், அதிலும் ஒரு பகுதி பயன்படும். நான் ஒரு ஸ்டூடியோவில் படங்களைத் தொகுத்துத் தளத்தில் ஏற்றும் வேலை செய்கிறவள், இதை தினமும் பார்க்கிறேன்.

படக் கோப்புக்குள் விவரங்களை எழுதும் ஐபிடிசி பகுதியில் எடுத்தவர் பெயர், கிரெடிட், காப்புரிமை ஆகிய மூன்றையும் நிரப்புங்கள். கூகுள் படத் தேடலில் படத்தைத் திறந்தால் அந்த விவரங்கள் காட்டப்படும். உங்கள் படத்தை வேறு எங்கோ பார்ப்பவருக்கும் யார் எடுத்தது என்று தெரியும். கீவேர்ட்ஸ் பகுதி உங்கள் சொந்தக் கிடங்கில் படத்தைத் தேட உதவும். ஊர்த் தேடலில் அது பக்கத்தை மேலே ஏற்றி நான் பார்த்ததில்லை.

ஜிபிஎஸ்ஸை தயவுசெய்து எடுத்துவிடுங்கள். திருமணக் காலையில் அலங்காரப் படங்களை மணப்பெண்ணின் வீட்டில்தான் எடுப்போம். அந்தக் கோப்பை யார் இறக்கினாலும் வீடு எங்கே என்று தெரிந்துவிடும். லைட்ரூம் ஏற்றுமதிப் பெட்டியில் `Remove Location Info` என்று ஒரு கட்டம் இருக்கிறது, அதை டிக் செய்துவிட்டால் போதும்.

இன்னொன்று: படத்தைச் சுருக்கும் பிளகின் சில சமயம் உள்ளே இருக்கும் எல்லா விவரத்தையும் துடைத்துவிடும். தளத்தில் ஏற்றிய படத்தையே மறுபடி இறக்கி, காப்புரிமை வரி இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். கணினியில் இருக்கும் மூலக் கோப்பைப் பார்த்துவிட்டு இருக்கிறது என்று நம்பாதீர்கள்.

நிழற்கோடு, உங்கள் படங்களின் `alt`, அதாவது படத்தைச் சொற்களில் சொல்லும் வரி, எப்படி இருக்கிறது?

---

நிழற்கோடு

எல்லாவற்றிலும் "சிறந்த கேண்டிட் வெட்டிங் போட்டோகிராபர் பெரியநகர்" என்று பிளகின் மூலம் ஒரே அடியில் போட்டேன். கிட்டத்தட்ட 300 படம்.

---

படக்கிடங்கு

அதை எடுத்துவிடுங்கள். கண் தெரியாத ஒருவர் திரைவாசிப்பான் வைத்து உங்கள் பக்கத்தைக் கேட்டால் அதே வரி 25 முறை ஒலிக்கும். நினைத்துப் பாருங்கள். தங்கையின் திருமணத்துக்கு ஆள் தேடும் அண்ணனாக அவர் இருக்கலாம்.

படத்தில் இருப்பதைச் சொல்லுங்கள்:

```html
<img src="/malainagar/mazhai-vaasal.jpg"
     alt="மழை விட்டபின் வாசலில் ஒரே குடைக்குள் சிரிக்கும் மணமக்கள்">
```

ஊர்ப் பெயர் பக்கத் தலைப்பிலும் படத்துக்குக் கீழே உள்ள குறிப்பிலும் வந்தால் போதும். ஒவ்வொரு `alt`இலும் வேண்டாம். 300க்கும் ஒரே நாளில் எழுத முடியாது என்பது எனக்குத் தெரியும். மலைநகரின் 6 திருமணங்களில் ஒன்றுக்கு 15 படம் என்று வைத்து அதில் தொடங்குங்கள்.

எழுதும் முன் ஒன்றைச் சோதியுங்கள். உங்கள் கேலரி தீம் படங்களை `img` ஆகக் காட்டுகிறதா, சிஎஸ்எஸ் பின்னணியாகக் காட்டுகிறதா? பின்னணிப் படங்களை கூகுள் படத் தேடலில் சேர்ப்பதில்லை, அவற்றுக்கு `alt`உம் கிடையாது. படத்தின் மேல் வலது கிளிக் செய்து "படத்தைச் சேமி" என்று வரவில்லை என்றால் சந்தேகப்படுங்கள். வலது கிளிக்கையே தடுக்கும் பிளகின் போட்டிருந்தாலும் அப்படித்தான் தெரியும், அதனால் பக்க மூலத்திலும் பாருங்கள். எங்கள் ஸ்டூடியோவில் இரண்டு வருடம் ஸ்லைடு ஷோவில் போட்ட நல்ல படங்கள் ஒன்றுகூடப் படத் தேடலில் வந்ததில்லை. காரணம் இதுதான்.

---

வலைத்தச்சன்

இதோடு கீழே உருட்டினால்தான் படம் வரும் தீம்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கூகுள் உருட்டாது. சர்ச் கன்சோலில் யுஆர்எல் இன்ஸ்பெக்‌ஷனில் முகவரியைக் கொடுத்து, `Test live URL` முடிந்ததும் அங்கே காட்டும் எச்டிஎம்எல்லில் உங்கள் படக் கோப்பின் பெயரைத் தேடுங்கள். அதில் இருந்தால் கவலை இல்லை.

---

மாலைத்தூறல்

நான் புகைப்படக்காரர் இல்லை. போன வருடம் என் திருமணத்துக்கு ஆள் தேடியவள். இந்த இழை படிக்கக் கிடைத்தது, தேடுகிறவர் பக்கத்தில் இருந்து சொல்லலாம் என்று நினைத்தேன்.

நான் முதலில் தேடியது ஊர்ப் பெயரும் திருமண போட்டோகிராபரும் மட்டும்தான். எனக்குப் பாணிகளின் பெயரே தெரியாது. கேண்டிட் என்ற ஒரு சொல் தோழி சொல்லித் தெரியும். டாக்குமெண்டரிக்கும் கேண்டிட்டுக்கும் என்ன வித்தியாசம் என்று இன்றும் எனக்குச் சொல்லத் தெரியாது. பத்துப் பக்கம் பார்த்த பிறகுதான் எனக்குப் பிடித்தது என்ன என்றே புரிந்தது. "போஸ் கொடுக்காத படம்", "இயற்கை வெளிச்சம்" என்றெல்லாம் அப்போதுதான் அடித்துப் பார்த்தேன்.

பட்டியலில் "சிறந்த", "நம்பர் 1" என்று இருந்த எதையும் நான் திறக்கவில்லை. எல்லாரும் அதையே எழுதியிருந்தார்கள். "இந்த ஊரில் எடுத்த திருமணங்களின் முழுத் தொகுப்பு" என்று ஒருவர் எழுதியிருந்தார், அதைத்தான் முதலில் திறந்தேன். ஒரு திருமணத்தை முதலில் இருந்து கடைசி வரை பார்க்க வேண்டும் என்பதுதான் எனக்கு ஆசை. எல்லாரும் ஆளுக்கு ஐந்து அழகான படத்தைத்தான் காட்டுகிறார்கள்.

---

நிழற்கோடு

மாலைத்தூறல், இதற்கு மிக்க நன்றி. பாணிப் பெயர்கள் நாங்கள் எங்களுக்குள் பேசிக்கொள்பவை என்பது இதுவரை எனக்குத் தோன்றவே இல்லை. டாக்குமெண்டரியையும் கேண்டிட்டையும் ஒரே பக்கமாக்கிவிடுகிறேன். சினிமாட்டிக் என்று தனியாக எதுவும் நான் செய்யவில்லை, அதையும் எடுத்துவிடுகிறேன்.

மலைநகர் பக்கத்துக்கு எழுதிப் பார்த்தேன்:

```html
<title>மலைநகர் வெட்டிங் போட்டோகிராபர், மலைநகர் கேண்டிட் போட்டோகிராபி, மலைநகர் திருமணப் படங்கள்</title>
<meta name="description" content="மலைநகரின் முன்னணி திருமணப் புகைப்படக் கலைஞர். உங்கள் அழகிய நினைவுகளைப் பொக்கிஷமாக்குகிறோம். இன்றே அழையுங்கள்.">
```

சரியா?

---

வலைத்தச்சன்

முன்பைவிடப் பரவாயில்லை, ஆனால் மலைநகர் மூன்று முறை வருகிறது. ஒரு முறை போதும். டிஸ்கிரிப்ஷனில் உள்ள மூன்று வாக்கியமும் எந்த ஊரில் எந்தக் கலைஞருக்கும் பொருந்தும். மாலைத்தூறல் எதைப் பார்த்துத் திறந்தார் என்று சொன்னாரே, அதை எழுதுங்கள். உங்களிடம் உண்மையாகவே இருப்பது 6 திருமணங்களின் முழுத் தொகுப்பு.

```html
<title>மலைநகர் திருமண போட்டோகிராபர்: கேண்டிட் தொகுப்புகள் | ஸ்டூடியோ பெயர்</title>
<meta name="description" content="மலைநகரில் எடுத்த 6 திருமணங்கள், காலை அலங்காரம் முதல் வரவேற்பு வரை முழுத் தொகுப்பாக. போஸ் இல்லாத படங்கள், பெரும்பாலும் இயற்கை வெளிச்சத்தில்.">
```

பக்கத்தின் `h1` "மலைநகர் திருமணங்கள்" என்று இருக்கட்டும். `title`உம் `h1`உம் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. ஒரே ஊர், ஒரே விஷயத்தைச் சொன்னால் போதும். "கேலரி" என்று விட்டால் கூகுள் மறுபடி அதைத்தான் எடுக்கும்.

நீளத்தைப் பற்றி ஒரு வார்த்தை. எழுத்து எண்ணிக்கையில் வரம்பு எதுவும் கூகுள் சொல்லவில்லை, திரையின் அகலத்துக்கு ஏற்பத்தான் வெட்டுகிறார்கள். தமிழ் எழுத்துகள் அகலமானவை. ஆங்கிலத்துக்கென்று சொல்லப்படும் 60 எழுத்துக் கணக்கை நம்பினால் நம் தலைப்பு பாதியில் நிற்கும். அதனால் ஊரும் தொழிலும் முதலில், ஸ்டூடியோ பெயர் கடைசியில். வெட்டுப்பட்டால் பெயர்தான் போக வேண்டும். எழுதி முடித்ததும் உங்கள் கைபேசியிலேயே தேடிப் பாருங்கள்.

நான் எழுதியது தமிழில் இருக்கிறது. உங்களைத் தேடுகிறவர்கள் எந்த எழுத்தில் அடிக்கிறார்கள் என்பதை சர்ச் கன்சோலின் தேடல் பட்டியலில் பார்த்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் ஆங்கில எழுத்தில் அடிக்கிறார்கள் என்றால் அந்த மொழியில் பக்கத்தை எழுதி, தலைப்பையும் அப்படியே வைக்க வேண்டும். தமிழ்ப் பக்கத்துக்கு ஆங்கிலத் தலைப்பு மட்டும் ஒட்டினால் அதையும் மாற்றிவிடுவார்கள்.

---

கேமராப்பை

மெட்டா கீவேர்ட்ஸ் பற்றிச் சொன்னது எனக்குப் புதிது, நன்றி. ஆனால் பாணி விஷயத்தில் நான் ஒப்புக்கொள்ளவில்லை. எனக்கு வருகிற நல்ல வாடிக்கையாளர்கள் ஃபைன் ஆர்ட் என்று தேடித்தான் வருகிறார்கள். எண்ணிக்கை குறைவு, ஆனால் வந்தவர்கள் பெரும்பாலும் உறுதி செய்துவிடுகிறார்கள். தலைப்பில் பாணியை முதலில் வைத்து ஊரைப் பின்னால் வைத்திருக்கிறேன்.

---

வலைத்தச்சன்

அது உங்களுக்குச் சரியாக இருக்கலாம். நீங்கள் அந்த ஒரு பாணியை மட்டும் செய்கிறீர்கள், அதனால் பாணியும் ஊரும் சேர்ந்த ஒரே பக்கம் உங்களுக்கு முகப்பாகவே ஆகிவிடுகிறது. நிழற்கோட்டின் படங்களில் பல பாணிகள் கலந்திருக்கின்றன. எது முன்னால் வர வேண்டும் என்பதற்கு என்னிடம் பொது விதி இல்லை.

---

திரைச்சீலை

இதே விஷயத்தில் என் அனுபவம் ஒன்று. கூகுளைப் பற்றியது இல்லை, ஆனால் மெட்டாடேட்டாவால் வந்தது. ஒரு மணப்பெண் தன் திருமணப் பக்கத்தின் இணைப்பைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அனுப்பினார். முன்னோட்டத்தில் வேறொரு ஜோடியின் படம் வந்தது. அந்த ஜோடி எங்கள் பழைய வாடிக்கையாளர்கள். இவருடைய உறவினர்கள் நாள் முழுக்க யார் இது என்று கேட்டிருக்கிறார்கள். எனக்கு அன்று ஏற்பட்ட வருத்தம் கொஞ்சம் இல்லை. இரண்டு குடும்பத்துக்கும் நான் மன்னிப்புக் கேட்டேன்.

காரணம், முன்னோட்டத்தில் வரும் படத்தைக் குறிக்கும் `og:image` தளம் முழுவதற்கும் ஒன்றே என்று தீமில் போட்டிருந்தேன். இப்போது ஒவ்வொரு திருமணப் பக்கத்துக்கும் தனியாகப் போடுகிறேன்:

```html
<meta property="og:title" content="மலைநகரில் ஒரு மாலைத் திருமணம்">
<meta property="og:image" content="https://example.com/malainagar/maalai-1200x630.jpg">
```

முகவரி முழுதாக `https` உடன் இருக்க வேண்டும், பாதி முகவரி கொடுத்தால் படம் வராமல் போகலாம். 1200×630 அளவு வைக்கிறேன். கோப்பையும் சிறிதாக வைக்கிறேன். முன்பு கேமராவில் இருந்து வந்த பெரிய கோப்பை அப்படியே வைத்தபோது வாட்ஸ்அப்பில் படமே வரவில்லை. படத்தை மாற்றிய பின்னும் ஃபேஸ்புக்கில் பழையது தெரிந்தால் அவர்களுடைய ஷேரிங் டீபக்கரில் முகவரியைக் கொடுத்து `Scrape Again` தட்டினால் புதியது வரும். ஏற்கெனவே அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியில் உள்ள முன்னோட்டம் மாறாது, அதற்கு வழியில்லை.

தளம் முழுவதற்குமான பொதுப் படமாக இப்போது யார் முகமும் தெரியாத கைகளின் படம் ஒன்றை வைத்திருக்கிறேன்.

---

படக்கிடங்கு

திரைச்சீலை சொன்னதில் இருந்து எனக்கு இன்னொன்று தோன்றுகிறது. பலரும் திருமணப் பக்கத்தின் தலைப்பிலும் முகவரியிலும் மணமக்களின் பெயரைப் போடுகிறார்கள். அந்தப் பெயரைத் தேடப்போவது அவர்களின் உறவினர்கள் மட்டும்தான். புதிதாக ஊரையும் பாணியையும் தேடுகிறவருக்கு அந்தத் தலைப்பில் பிடிப்பதற்கு ஒன்றும் இல்லை. தவிர, பின்னாளில் அவர்கள் பெயரை எடுக்கச் சொன்னால் முகவரியையே மாற்ற வேண்டிவரும். ஊர், நேரம், இடத்தின் தன்மை இவற்றை வைத்துத் தலைப்பு எழுதுவதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது.

---

திரைச்சீலை

இதில் நான் மாறுபடுகிறேன், அக்கா. பெயர் இருந்தால்தான் மணமக்கள் பெருமையோடு பகிர்கிறார்கள், அலங்காரம் செய்தவரும் இடம் கொடுத்தவரும் தங்கள் தளத்தில் இணைப்புக் கொடுக்கிறார்கள். நான் ஒப்புதல் கடிதத்தில் பெயர் போடலாமா என்று தனியாகக் கேட்டு வாங்குகிறேன். முகவரியில் வேண்டாம் என்பதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.

---

நிழற்கோடு

ஒன்பது வாரம் கழித்து வருகிறேன். செய்ததையும் நடந்ததையும் எழுதுகிறேன்.

20 பக்கம் இப்போது இல்லை. 2 ஊர்ப் பக்கம், 2 பாணிப் பக்கம் (கேண்டிட், பாரம்பரியம்), 11 திருமணப் பக்கம். மலைநகரின் 6, துறைநகரின் 2, பெரியநகரில் இப்போதைக்கு 3. `alt` இதுவரை 140 படத்துக்கு எழுதியிருக்கிறேன். கேலரி தீம் பின்னணிப் படமாகத்தான் காட்டிக்கொண்டிருந்தது, அதை மாற்றினேன்.

மலைநகர் பக்கம் 12 நாளில் இண்டெக்ஸ் ஆனது. தலைப்பு எழுதியபடியே வருகிறது. டிஸ்கிரிப்ஷன் சில தேடலுக்கு நான் எழுதியதும், சிலவற்றுக்கு முதல் பத்தியில் இருந்து எடுத்ததும் வருகிறது. மலைநகரில் இருந்து இரண்டு விசாரிப்பு வந்தது, ஒருவர் "6 திருமணத்தையும் பார்த்தோம்" என்று சொன்னார். துறைநகரின் ஒரு திருமணப் பக்கம் "துறைநகர் மாலைத் திருமணப் படங்கள்" என்பதற்கு வருகிறது. அங்கே ஊர்ப் பக்கம் இல்லாமலே.

பெரியநகர்தான் இன்னும் சரியாகவில்லை. முகப்பும் பெரியநகர்ப் பக்கமும் இன்னும் மாறி மாறி வருகின்றன. தலைப்பும் பாதி நேரம் மாறுகிறது.

---

வலைத்தச்சன்

முகப்பின் `title` என்ன?

---

நிழற்கோடு

"பெரியநகர் திருமண போட்டோகிராபர் | ஸ்டூடியோ பெயர்". பெரியநகர்ப் பக்கத்துக்கு "பெரியநகர் திருமண போட்டோகிராபர்: கேண்டிட் தொகுப்புகள் | ஸ்டூடியோ பெயர்".

---

வலைத்தச்சன்

இரண்டும் ஒரே கேள்விக்குப் பதில் சொல்கின்றன. ஸ்டூடியோ ஒரே ஊரில் இருக்கும்போது முகப்பே அந்த ஊரின் பக்கம்தான். என் யோசனை, பெரியநகர்ப் பக்கத்தில் உள்ளதை முகப்பில் சேர்த்துவிட்டு 301 போடுவது. வேண்டாம் என்றால் முகப்பின் தலைப்பை ஸ்டூடியோ பெயரில் தொடங்கி, ஊரைப் பெரியநகர்ப் பக்கத்துக்கு விட்டுவிடலாம். முதல் வழியில் வேலை குறைவு. இரண்டாவதில் 40 திருமணங்களை அடுக்க இடம் கிடைக்கும். எதுவானாலும் மெனுவில் உள்ள "கேலரி" என்ற இணைப்பின் எழுத்தையும் மாற்றுங்கள். தலைப்பை அமைக்கும்போது இணைப்பில் உள்ள சொற்களையும் கூகுள் பார்க்கிறது.

---

நிழற்கோடு

40 திருமணத்தையும் காட்ட ஆசைப்படுகிறேன், அதனால் இரண்டாவது வழியைப் பார்க்கிறேன். மெனுவில் "பெரியநகர் திருமணங்கள்", "மலைநகர் திருமணங்கள்" என்று இன்றே மாற்றிவிட்டேன். துறைநகரில் அடுத்த மாதம் ஒரு திருமணம் இருக்கிறது. மூன்றானால் அங்கே ஊர்ப் பக்கம் தொடங்கலாமா?

---

படக்கிடங்கு

மூன்றும் முழுத் தொகுப்பாக இருந்தால் நான் தொடங்குவேன். வலைத்தச்சன் ஐந்து வரை பொறுக்கச் சொல்வார் என்று நினைக்கிறேன். மாலைத்தூறல் இந்தப் பக்கம் வந்தால் அவரையும் கேளுங்கள்: மூன்று திருமணம் மட்டும் இருந்த பக்கத்தை அவர் திறந்து பார்த்திருப்பாரா என்று.